உப்புத் தண்ணியும் ஸ்டீம் அயர்னும்: அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, கறுப்பு ஜாக்கெட்டைத் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, ஆவி பாதிதான் வருகிறது, இடையிடையே பால் மாதிரி ஒரு சொட்டு துணியில் விழுகிறது என்று சொன்னாயே, அதற்குப் பெட்டியைக் குறை சொல்லாதே. குறை நீ அதில் ஊற்றிய தண்ணீரில் இருக்கிறது. உத்திரமேரூர் பக்கம் போர் தண்ணீர் பிடிக்கிற எந்த வீட்டிலும் வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தைத் தடவிப் பார். சொரசொரப்பாக வெள்ளை ஓடு கட்டியிருக்கும். அதே ஓடுதான் உன் அயர்ன் பாக்ஸுக்குள்ளும் கட்டியிருக்கிறது. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம். பெட்டிக்குள் கை போகாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். மேலே தண்ணீர்த் தொட்டி. அதன் அடியில் சின்னத் துவாரம். ஸ்டீம் குமிழைத் திருகினால் அந்தத் துவாரம் வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே சூடான அறையில் விழும். விழுந்த உடனே ஆவியாகி, அடித்தட்டின் ஓட்டைகள் வழியே வெளியே வரும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஆவியாகப் போவது சுத்தத் தண்ணீர் மட்டும். அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் மெக்னீசியமும் மற்ற உப்புகளும் அந்த அறையிலேயே தங்கிவிடும். வெளியே வர அவற்றுக்கு வழி கிடையாது.

எவ்வளவு தங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உன் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள். தொட்டி 200 மில்லி பிடிக்கும். ஒரு தொட்டி தீர்ந்தால் 100 மில்லிகிராம் உள்ளே மிச்சம். 30 தொட்டிக்கு 3 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனில் பாதிக்கு மேல். கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு சந்துக்குள் அவ்வளவு தூள் ஒட்டிக் காய்ந்து கிடந்தால் ஆவி எப்படி வரும்?

"அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறோம், பெட்டிக்கு மட்டும் ஆகாதா?" என்று அம்மா கேட்பாள். ஆகாது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் அளவுப்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை கூட அனுமதி உண்டு. அது மனித உடம்புக்கு வைத்த அளவு. நம் உடம்பு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக விடுவதில்லையே.

உன் தண்ணீர் எப்படி என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான எவர்சில்வர் தட்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு வெயிலில் வை. காய்ந்த பிறகு லேசான வளையம் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. விரலால் தேய்த்தால் வெள்ளையாக உதிர்ந்தால் அந்தத் தண்ணீரைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோகாதே. தெருவுக்குத் தெரு, கிணற்றுக்குக் கிணறு இது மாறும். அதனால் பக்கத்து வீட்டுக்காரி சொன்னதை நம்பாமல் உன் வீட்டுக் குழாய்த் தண்ணீரையே பார்.

எந்தத் தண்ணீர்?

கேன் தண்ணீரோ வீட்டு ஆர்.ஓ. தண்ணீரோ போதும். ஆர்.ஓ. இயந்திரம் உப்பில் பெரும்பகுதியை நீக்கிவிடும். ஆனால் அதன் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரைச் சிக்கனம் பார்த்துப் பிடித்து ஊற்றுகிறவர்கள் உண்டு. நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் வேறு இல்லை.

இவை இரண்டும் இல்லாத வீட்டில் மழைத்தண்ணீர் இருக்கிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து நம் ஊர் வீடுகளிலும் கூரைத் தண்ணீருக்குக் குழாய் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழை கூரையைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையில் பிடித்து, வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, மூடி போட்ட பாட்டிலில் வைத்துக்கொள். உப்பு என்று பார்த்தால் அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேலாக வடித்து ஊற்றலாமா என்று கேட்டால், பாதி பலன் உண்டு என்பேன். கொதிக்கும்போது பைகார்பனேட்டாக இருக்கும் சுண்ணாம்பு மட்டும்தான் படியும். சல்பேட்டும் குளோரைடும் கொதித்தாலும் கரைந்தபடியே இருக்கும். வாயில் உப்புக் கரிக்கிற தண்ணீர் என்றால் கொதிக்க வைத்துப் பலனில்லை.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் நல்லதுதான். அதை மட்டும் ஊற்றலாமா, சாதாரணத் தண்ணீரோடு கலக்கச் சொல்கிறதா என்று உன் பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் பார்த்துக்கொள். வாங்கும்போது மட்டும் லேபிளைப் படித்து வாங்கு. அதே கடையில், அதே மாதிரி கேனில் பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள்.

வாசனைக்கு என்று பன்னீரையோ துணி மென்மையாக்கும் திரவத்தையோ தொட்டிக்குள் விடவே கூடாது. கஞ்சித் தண்ணீரும் ஆகாது. எல்லாம் அந்தச் சூட்டில் கருகிப் பழுப்புச் சொட்டாக வெளியே வரும்.

கட்டிய உப்பை எடுப்பது

முதலில் பெட்டியைத் தானாகவே கழுவவிடுவோம். பெரும்பாலான பெட்டிகளில் ஸ்டீம் குமிழ் பக்கத்தில் இதற்கென்றே ஒரு குறி அல்லது பொத்தான் இருக்கும். தொட்டியில் நல்ல தண்ணீரை முழு அளவுக்கு ஊற்று. ஸ்டீம் குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். சூட்டைக் கடைசிப் புள்ளி வரை திருகி, விளக்கு அணையும்வரை காத்திரு. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிடு. இதில் விளையாட்டு வேண்டாம். பிடுங்கிய பிறகுதான் பெட்டியைக் கையில் எடுக்க வேண்டும். துவைக்கும் மேடை மேலோ இரும்பு வாளி மேலோ படுக்கை வாட்டில் பிடித்து, சுத்தம் செய்யும் குறிக்குத் திருப்பி, முன்னும் பின்னும் ஆட்டு. கொதிநீரும் ஆவியும் வெள்ளைச் சில்லுகளும் சேர்ந்து கொட்டும். அந்த ஆவி கையில் பட்டால் கொப்பளித்துவிடும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

தண்ணீர் தெளிவாக வரும்வரை இன்னொரு தடவை செய். முடிந்ததும் பெட்டியை மறுபடி சூடாக்கி, பழைய பருத்தித் துண்டின் மேல் ஆவி விட்டுத் தேய். மிச்சச் சில்லு அதில் போகட்டும், உன் புடவையில் வேண்டாம். உப்புத் தண்ணீர்தான் கதி என்று இருக்கிற வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இது நடக்க வேண்டும். நல்ல தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

இப்படி இரண்டு சுற்று கழுவியும் ஆவி திறக்கவில்லை என்றால்தான் புளிப்புப் பொருளுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் குறிப்புப் புத்தகத்தைப் படி. சில கம்பெனிகள் வினிகரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது என்று எழுதியிருக்கும். ஆவி அறையின் உள்பூச்சை அமிலம் அரித்துவிடும் என்பதுதான் காரணம். அப்படி எழுதியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள். சில பெட்டிகளில் ஸ்டீம் குமிழோடு சேர்ந்த ஊசி மாதிரித் தண்டைத் தனியாக உருவலாம். அதை மட்டும் வினிகரில் ஊறவைத்துக் கழுவி மாட்டினாலே சொட்டுத் துவாரம் திறந்துவிடும்.

தடை எதுவும் எழுதாத பெட்டி என்றால், மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சமபாகம் கலந்து கால் தொட்டி ஊற்று. நிறையப் பேர் ஊற்றிவிட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். அதில் பிரயோஜனமே இல்லை, ஏனென்றால் உப்பு கட்டியிருப்பது தொட்டியில் இல்லை, கீழே உள்ள அறையில். பெட்டியை முதல் புள்ளியில் ஓரிரு நிமிடம் வைத்து இளஞ்சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆழமான எவர்சில்வர் தட்டில் பழைய துணியை மடித்துப் போட்டு அதன் மேல் படுக்க வை. இப்போது ஸ்டீம் குமிழைத் திற. கலவை மெல்லச் சொட்டி அறைக்குள் இறங்கும். சுண்ணாம்போடு சேர்ந்து நுரைக்கிற சத்தம் லேசாகக் கேட்கும். அரை மணி நேரம் போதும், இரவெல்லாம் வேண்டாம். பிறகு முன்பு சொன்ன மாதிரி நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தொட்டி கழுவித் தள்ளு. வினிகர் வாடை துளியும் இருக்கக் கூடாது, முக்கியமாகப் பட்டைத் தொடுவதற்கு முன்னால்.

எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலமும் வேலை செய்யும். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். ஆனால் அதைச் சூடான பெட்டியில் ஊற்றாதே. சூட்டில் அது சுண்ணாம்போடு சேர்ந்து, எளிதில் கரையாத வேறொரு படிவாக மாறும். பழைய உப்பை எடுக்கப் போய்ப் புது உப்பை வைத்த கதையாகிவிடும். பெட்டி ஆறி இருக்கும்போது மட்டும் ஊற்று. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விடுவது வேண்டவே வேண்டாம். அதில் உள்ள சர்க்கரையும் நாரும் உள்ளே கருகும்.

அடித்தட்டின் ஓட்டைகளில் அடைத்திருப்பதைப் பின் ஊசியால் குத்தாதே. தட்டின் பூச்சு கீறிவிடும். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, நுனியைத் தண்ணீரில் நனைத்துச் சுழற்று. நான்-ஸ்டிக் தட்டை ஈரத்துணியால் துடைப்பதோடு விட வேண்டும். வெறும் எவர்சில்வர் தட்டு என்றால், ஆறிய பிறகு சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தடவித் துடைக்கலாம். குழைத்த சோடா ஓட்டைக்குள் போகாமல் பார்த்துக்கொள்.

தேய்த்து முடித்த உடனே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டி சூடாக இருக்கும்போதே மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடு. மிச்சச் சூட்டில் உள்ளே காய்ந்துவிடும். குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி நிமிர்த்தி வை. "நாளைக்கும் தேய்க்கணுமே" என்று தண்ணீரை உள்ளேயே விட்டு வைப்பதால்தான் பாதிப் பெட்டிகள் கெடுகின்றன.

இன்னொன்று. வெள்ளையாகவோ பழுப்பாகவோ சொட்டினால்தான் அது உப்பு அல்லது கருகல். தெளிந்த தண்ணீர் சொட்டினால் பெட்டியில் கோளாறு இல்லை, சூடு போதவில்லை. அறையில் விழுந்த தண்ணீர் ஆவியாக முடியாமல் அப்படியே ஒழுகுகிறது. அதனால்தான் ஒற்றைப் புள்ளிச் சூட்டில் ஸ்டீம் வைக்கவே கூடாது.

எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு

குமிழில் நைலான், சில்க், காட்டன் என்று எழுதியிருக்கும், கூடவே புள்ளிகளும் இருக்கும். எழுத்தைவிடப் புள்ளியை நம்பு. துணியின் உள்தையலில் இருக்கும் லேபிளிலும் அயர்ன் பெட்டிப் படத்துக்குள் அதே புள்ளிகள்தான். ஒரு புள்ளி என்றால் அடித்தட்டுச் சூடு அதிகபட்சம் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தேய்க்கவே கூடாது.

குமிழைத் திருகியதும் சூடு அங்கே போய் நின்றுவிடாது. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் முதல் தடவை கொஞ்சம் தாண்டித்தான் அணைக்கும். பிறகு இறங்கும், மறுபடி ஏறும். விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்த பிறகுதான் சூடு நிலைப்படும். நைலானும் பட்டும் தேய்க்கும்போது இந்த ஓரிரு நிமிடப் பொறுமை கட்டாயம் வேண்டும்.

லேபிள் இல்லாத துணிதான் நம்மிடம் அதிகம். தையல் மடிப்பின் உள்ளிருந்து இரண்டு நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, கிணற்றடியிலோ சிமெண்ட் தரையிலோ வைத்துப் பற்ற வை. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு மெத்தென்ற சாம்பலாகும். பட்டு முடி கருகும் நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்தால் தானாக அணையப் பார்க்கும், மிச்சம் விரலில் நொறுங்கும். பாலியஸ்டரும் நைலானும் உருகிச் சுருண்டு, ஆறியதும் உடையாத கெட்டி மணியாக நிற்கும். "சில்க்" என்று சொல்லி விற்கும் எத்தனையோ புடவை இப்படி மணியாக நிற்பதைப் பார்க்கலாம். அசல் பட்டு என்பதற்கு 2004 முதல் மத்தியப் பட்டு வாரியத்தின் வழியாக வரும் சில்க் மார்க் அட்டை இருக்கிறது. அந்த அட்டை இருந்தால் நூலை எரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

இப்போது ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற வீட்டை எடுத்துக்கொள். தேய்க்க வேண்டியவை: பையனின் பாலி-காட்டன் சட்டை, பாப்பாவின் நைலான் வலைப் பாவாடை, உன் காஞ்சிபுரம் பட்டுப் புடவை, அதற்குரிய ஜாக்கெட், வீட்டுக்காரரின் கஞ்சி போட்ட வேட்டி. இதில் வரிசைதான் முக்கியம். பெட்டி சீக்கிரம் சூடேறும், ஆனால் மெதுவாகத்தான் ஆறும். வேட்டியில் ஆரம்பித்துவிட்டு நைலானுக்கு வந்தால், விளக்கு அணைந்திருந்தாலும் தட்டு இன்னும் பழைய சூட்டிலேயே இருக்கும்.

அதனால் முதலில் வலைப் பாவாடை. ஒற்றைப் புள்ளி, ஸ்டீம் இல்லை, உள்பக்கம் திருப்பி, மேலே மெல்லிய துணி போட்டு. அடுத்து சட்டை. கலப்புத் துணி எதுவானாலும் அதில் சூடு தாங்காத நூலுக்குத்தான் கணக்கு. அதில் பருத்தி பாதி இருந்தாலும் மூன்று புள்ளிக்குப் போகாதே. இரண்டு புள்ளியில் ஆவியோடு தேய்த்தால் மடிப்புப் போய்விடும். பாலியஸ்டர் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் வேண்டும்தான், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். இளகிய நூலைச் சூட்டோடு அழுத்தினால் தட்டையாகிக் கண்ணாடி மாதிரி மின்னும். தேய்த்துத் தேய்த்து யூனிஃபார்ம் பேண்ட் பளபளவென்று ஆகிறதே, அதுதான். எதைப் போட்டுத் துவைத்தாலும் அது போகாது.

அடுத்தது பட்டு, ஆனால் சட்டைச் சூட்டிலிருந்து பெட்டி நன்றாக ஆறிய பிறகுதான். இதில் நான் கண்டிப்பு. ஸ்டீமை முழுவதும் நிறுத்திவிடு, தொட்டியையும் காலி செய்துவிடு. பட்டில் விழுந்த ஒரு சொட்டு, காய்ந்த பிறகும் வட்டமாகத் தெரியும். சாயமும் நெசவில் போட்ட கஞ்சியும் அந்த இடத்தில் நகர்ந்துவிடுவதால் வருவது அது. அந்தச் சொட்டில் உப்பும் இருந்தால் ஜரிகை அந்த இடத்தில் கறுக்கும். லேபிளில் பட்டுக்கு இரண்டு புள்ளி போட்டிருந்தாலும், ஜரிகை நிறைந்த காஞ்சிபுரத்துக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்தால் போதும். புடவையைப் பின்பக்கம் திருப்பி, கஞ்சி போடாத மெல்லிய வெள்ளை வேட்டியை மேலே விரித்து, பெட்டியை வைத்து எடு, வைத்து எடு. இழுத்துத் தேய்க்காதே, ஒரே இடத்தில் நிற்கவும் விடாதே. மடிப்புக் கோட்டின் மேல் அழுத்தினால் ஜரிகை அங்கேதான் முறியும். கோட்டை விட்டுவிட்டு, பிறகு வேறு இடத்தில் மடித்து வை.

ஜரிகை எது என்று தெரியாமல் சூட்டைத் தொடாதே. அசல் ஜரிகையில் நடுவே பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். டெஸ்ட் ஜரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்பு. இரண்டும் உலோகம், இந்தச் சூட்டைத் தாங்கும். விலை குறைந்த புடவைகளில் வருவது பளபளக்கும் பிளாஸ்டிக் ஏடு. சூடு பட்டதும் அது சுருங்கும், கரை முழுக்கக் கொசுவினாற்போல் ஆகிவிடும், திரும்ப நிமிராது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு ஜரிகை நூலை எடுத்து நெருப்பில் காட்டு. கம்பியாக மிஞ்சினால் உலோகம், மணியாகச் சுருண்டால் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் என்றால் கரையைத் தொடாமல் உடலை மட்டும் ஒற்றைப் புள்ளியில் தேய்.

புடவையில் தைத்த ஃபால்ஸையும் பார். பருத்தி ஃபால்ஸை முன்னாலேயே நனைத்துச் சுருங்கவிடாமல் தைத்திருந்தால், ஆவி பட்டதும் அது மட்டும் சுருங்கிக் கீழ்க்கரையை இழுக்கும். ஜாக்கெட்டுக்கும் உள்லைனிங் எது என்று பார்த்துத்தான் சூடு வைக்க வேண்டும். மேலே பட்டு, உள்ளே பாலியஸ்டர் என்றால் இரண்டுக்கும் பொதுவாக ஒற்றைப் புள்ளியே சரி.

கடைசியாக வேட்டி. தொட்டி காலியாக இருப்பதும் வசதிதான், கஞ்சித் துணிக்கு ஸ்டீம் வேண்டாம். ஆவியில் கஞ்சி இளகித் தட்டில் ஒட்டி, மூன்று புள்ளிச் சூட்டில் பழுப்பாகக் கருகி, அடுத்த துணியில் தடம் போடும். இஸ்திரிக்காரர் செய்கிறபடியே கையால் தண்ணீர் தெளித்து, சுருட்டி அரை மணி நேரம் வைத்து, ஈரம் எங்கும் சமமாகப் பரவிய பிறகு மூன்று புள்ளியில் அழுத்தித் தேய். கஞ்சி போடாத காட்டன் புடவை, குர்தா, தலையணை உறை எல்லாவற்றுக்கும் மூன்று புள்ளியும் முழு ஸ்டீமும் வைக்கலாம். நீ காசு கொடுத்து ஸ்டீம் அயர்ன் வாங்கியதன் முழுப் பலன் அந்தத் துணிகளில்தான்.

ஜரிகை கறுத்த பழைய புடவை, பாட்டி காலத்துப் புடவை, தொட்டாலே நூல் பிரிகிற புடவை இவற்றை மட்டும் வீட்டில் தேய்க்காதே. சுமார் 30 கிலோமீட்டரில் காஞ்சிபுரம் இருக்கிறது. பட்டுக்கு பாலிஷ் போடுகிறவர்களிடம் கொடு, ஜரிகையைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கொடு.